மேட்ச் ரிப்போர்ட்ட சுருக்கும்போது வர்ற தப்புங்க: அறிகுறிய வச்சு கண்டுபிடிச்சு சரி பண்றது

மேட்ச் ரிப்போர்ட் சுருக்கி எழுதுறவங்க நெறைய பேருக்கு ஒரே மாதிரி தப்புதான் வருது. எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒரே காரணம்: மேட்ச் நடந்த வரிசை ஒண்ணு, ரிப்போர்ட் எழுதுன வரிசை வேற ஒண்ணு, சுருக்கத்துல வர வேண்டிய வரிசை மூணாவது ஒண்ணு. ரிப்போர்ட் எழுதுறவரு கடைசி ஓவர்ல ஆரம்பிப்பாரு, அங்கருந்து முதல் இன்னிங்ஸ் ஹீரோவுக்குத் தாவுவாரு, நடுவுல கேப்டன் பேட்டி, அப்பறம் திரும்ப சேஸிங். நாம அதே வரிசையில வரிக்கு வரி சுருக்குனா நடந்த கதையே மாறிப்போயிடும்.

பொதுவா பேசிட்டே போனா பிடிபடாது, அதனால ஒரு மேட்ச எடுத்துக்கலாம். 2024 ஜூன் 29, பார்படோஸ் பிரிட்ஜ்டவுன்ல நடந்த டி20 உலகக்கோப்பை ஃபைனல், இந்தியா - தென்னாப்பிரிக்கா. அன்னிக்கு ராத்திரி தூங்காம பாத்தவங்க நிறைய பேரு, அதனால எங்க தப்பு நடக்குதுன்னு உடனே தெரியும்.

கீழ இருக்கிற சுருக்கத்தப் பாருங்க. பல பேரு எழுதுனதுல நான் பாத்த தப்புங்கள ஒண்ணா சேத்து நானே எழுதுனது.

"கோலி டி20ல இருந்து ஓய்வ அறிவிச்ச ஃபைனல்ல, சூர்யகுமார் பவுண்டரி லைன்ல மில்லர் கேட்ச அபாரமா பிடிச்சு, பாண்டியா கிளாசன அவுட்டாக்கி, பும்ராவும் 2 விக்கெட் எடுத்து, இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சு கப்ப தூக்குச்சு. அதிரடியா ஆடி 59 ரன் எடுத்த கோலி தொடர் நாயகன். அக்சர் 47 ரன் எடுத்து அசத்துனாரு."

படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல அஞ்சாறு எடத்துல கோளாறு. ஒவ்வொண்ணா அறிகுறிய வச்சு போவோம்.

அறிகுறி: வெற்றி வித்தியாசம் ஸ்கோரோட ஒத்துப்போகல

"7 விக்கெட் வித்தியாசத்துல" அப்படின்னு இருக்கு. உண்மையில 7 ரன். ஏன் இப்படி ஆகுதுன்னா இந்தியா அன்னிக்கு எடுத்தது 176/7, ஜெயிச்சது 7 ரன்ல. ரெண்டு எடத்துலயும் 7 வருது, கண்ணு ஒரு 7ல இருந்து இன்னொரு 7க்கு தாவிடுது. இதுக்கு பெருசா மண்டைய உடைக்க வேணாம். முதல்ல பேட்டிங் பண்ண டீம் ஜெயிச்சா வித்தியாசம் ரன்லதான் வரும், சேஸ் பண்ண டீம் ஜெயிச்சா விக்கெட்லதான் வரும். அதனால யாரு முதல்ல ஆடுனாங்கன்னு மட்டும் ஒரு தடவ பாத்துட்டு கழிச்சுப் பாருங்க: இந்தியா 176, தென்னாப்பிரிக்கா 169, கழிச்சா 7. முடிஞ்சுது.

இதே எடத்துல இன்னொரு தப்பும் வரும், டார்கெட்டயும் ஸ்கோரையும் குழப்பிக்கிறது. ரிப்போர்ட்ல "177 ரன் இலக்கு"ன்னு இருக்கும், அத பாத்துட்டு "இந்தியா 177 எடுத்தது"ன்னு எழுதிடுவாங்க. டார்கெட் எப்பவும் முதல் இன்னிங்ஸ் ஸ்கோர விட ஒண்ணு கூட இருக்கும் (மழை வந்து ஓவர் குறைச்ச மேட்ச்ல மட்டும் இது பொருந்தாது, அங்க டார்கெட்ட தனியா கணக்கு போட்டு சொல்வாங்க). கழிச்சுப் பாக்கும்போது வித்தியாசம் 8னு வந்துச்சுன்னா நீங்க டார்கெட்ட எழுதிட்டீங்கன்னு அர்த்தம்.

அறிகுறி: ரன்னும் பந்தும் இடம் மாறிப்போச்சு

"59 ரன் எடுத்த கோலி". கோலி எடுத்தது 76, ஆடுன பந்து 59. இந்தத் தப்பு தமிழ்ல எழுதுறவங்களுக்குத்தான் அதிகமா வரும், காரணம் நம்ம பேச்சுலயே இருக்கு. ஸ்கோர்கார்டுல 76 (59)னு ரன் முன்னாடி, பந்து பின்னாடி இருக்கும். நாம சொல்லும்போது "59 பந்துல 76 ரன்"னு பந்த முன்னாடி வச்சுத்தான் சொல்லுவோம். அப்ப ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள திருப்பிப் போட்டு எழுத வேண்டியிருக்கு, அவசரத்துல ஒரு தடவ திருப்ப மறந்துட்டா போச்சு. பவுலிங்லயும் இதே கதைதான். ஸ்கோர்கார்டு எப்படிப் போட்டாலும் நாம "20 ரன் கொடுத்து 3 விக்கெட்"னு கொடுத்தத முதல்ல சொல்லுவோம்.

நான் பண்றது என்னன்னா நோட்ஸ் எடுக்கும்போதே எண்ண தனியா எழுத மாட்டேன், பக்கத்துலயே அலகையும் சேத்து எழுதுவேன்: "கோலி 76ர 59ப", "பாண்டியா 3வி 20ர". பாக்க சின்ன விஷயம், ஆனா இத ஆரம்பிச்சதுக்கு அப்பறம் எனக்கு இந்தத் தப்பு வரல. சந்தேகம் வந்தா இன்னொரு வழியும் இருக்கு, டி20ல ஐம்பது அடிச்சு ஜெயிக்க வச்சவருன்னு ரிப்போர்ட் சொல்ற ஆளுக்கு பந்து ரன்ன விட அதிகமா வந்துச்சுன்னா ஒரு தடவ ஸ்கோர்கார்ட திறந்து பாத்துடுங்க.

அறிகுறி: படிச்சு முடிச்சவங்க "சரி, யாரு ஜெயிச்சா, ஸ்கோர் என்ன?"ன்னு கேக்குறாங்க

நம்ம மாதிரி சுருக்கம் கோலி ஓய்வுல ஆரம்பிக்குது, இந்தியா ஜெயிச்சது அந்த நீள வாக்கியத்தோட வால்ல இருக்கு, ரெண்டு டீம் ஸ்கோரும் எங்கயுமே இல்ல. மறுநாள் வர்ற ரிப்போர்ட்டுக்கு அப்படி ஆரம்பிக்கிறது நியாயம்தான், ஏன்னா ரிசல்ட் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், புது சேதி ஓய்வுதான். சுருக்கத்துக்கு அந்த நியாயம் கிடையாது. சுருக்கத்த படிக்கிறவரு மேட்சயே பாக்காதவரா இருக்கலாம்.

இதுக்கு நான் வச்சிருக்கிற வழி ரொம்ப நேரடியானது. முதல் வாக்கியத்துல மூணே விஷயம், எந்த மேட்ச், யாரு யார ஜெயிச்சாங்க, எவ்வளவு வித்தியாசத்துல. ரெண்டாவது வாக்கியத்துல ரெண்டு ஸ்கோரும், ஆடுன வரிசையிலயே. ஓய்வு மாதிரி சேதி வேணும்னா கடைசியில ஒரு வரி, ஏன்னா அது மேட்ச் முடிஞ்சதுக்கு அப்பறம் நடந்தது.

தமிழ்ல வினை கடைசியில வர்றதால இன்னொரு ஆபத்தும் இருக்கு. "ஜெயிச்சுது"ங்கிற சொல்லுக்கு முன்னாடி நாலு பேரு, அஞ்சு நம்பர்னு அடுக்கிட்டே போனா படிக்கிறவரு கடைசி வரைக்கும் மூச்சப் பிடிச்சுட்டு இருக்கணும். அதோட "இந்தியா தென்னாப்பிரிக்கா வீழ்த்தியது"ன்னு வேற்றுமை உருப விட்டுட்டு எழுதுறவங்கள நிறைய பாத்திருக்கேன், யாரு யார வீழ்த்துனாங்க? "தென்னாப்பிரிக்காவ"ன்னு அந்த ஒரு எழுத்த சேத்தாத்தான் யாரு ஜெயிச்சதுங்கிறதே நிக்குது. தலைப்புல இடம் பத்தலன்னு உருப வெட்டுறவங்க அத மட்டும் வெட்டாம இருக்கணும்.

அறிகுறி: திருப்பங்கள் முன்னபின்னயா இருக்கு, இல்லன்னா கடைசி கேட்ச்தான் மேட்சயே மாத்துச்சுங்கிற மாதிரி இருக்கு

இதுதான் பெரிய கோளாறு, இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

மாதிரி சுருக்கத்துல இருக்கிறத திரும்பப் படிங்க: "சூர்யகுமார் கேட்ச பிடிச்சு, பாண்டியா கிளாசன அவுட்டாக்கி, பும்ராவும் 2 விக்கெட் எடுத்து". தமிழ்ல "பிடிச்சு", "அவுட்டாக்கி", "எடுத்து"ன்னு எச்சமா அடுக்குனா அது வெறும் பட்டியல் ஆகாது, ஒண்ணுக்கப்பறம் ஒண்ணுன்னு காலத்தையும் சேத்து சொல்லிடும். "சாப்பிட்டு கைய கழுவி தூங்கப் போனான்"னா அந்த வரிசையிலதான் நடந்துச்சுன்னு நாம எடுத்துக்குவோம். அப்ப மேல இருக்கிற வாக்கியத்தப் படிக்கிறவரு மில்லர் முதல்ல அவுட், அப்பறம் கிளாசன்னு நெனைப்பாரு. நடந்தது நேர் தலைகீழ். கிளாசன் 17வது ஓவர் முதல் பந்து, மில்லர் 20வது ஓவர் முதல் பந்து. நடுவுல மூணு முழு ஓவர் இருக்கு, அந்த மூணு ஓவர்லதான் மேட்ச்சே கை மாறுச்சு. பும்ராவோட ரெண்டு விக்கெட்ல ஒண்ணு இன்னும் மோசம், ஹெண்ட்ரிக்ஸ் விக்கெட் சேஸிங்கோட ஆரம்பத்துலயே விழுந்தது, அது இந்த அடுக்குல மில்லர் கேட்சுக்கு அப்பறம் வந்து நிக்குது.

ரிப்போர்ட் எழுதுனவரு தப்பு பண்ணல. அவரு கேட்ச்ல ஆரம்பிச்சு, "அதுக்கு மூணு ஓவர் முன்னாடி"ன்னு பின்னாடி போயிருப்பாரு. சுருக்கும்போது நாம அந்த "அதுக்கு முன்னாடி"ங்கிற சொல்லத்தான் முதல்ல வெட்டுறோம், ஏன்னா அதுல தகவல் எதுவும் இல்லாத மாதிரி தெரியுது. உண்மையில வரிசைய தாங்கிட்டு இருந்ததே அந்த சொல்லுதான்.

சரி பண்றதுக்கு என்ன பண்ணணும்னா, எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஏணி போட்டுக்கணும். சேஸிங் மேட்சா இருந்தா ஒவ்வொரு ஓவர் முடிவுலயும் எத்தன பந்துல எத்தன ரன் வேணும்னு மட்டும் எழுதுங்க. இந்த ஃபைனலுக்கு நான் போட்டது இது:

15 ஓவர் முடிவுல 147/4, 30 பந்துல 30 வேணும்.
16வது ஓவர் (பும்ரா) 4 ரன், 24 பந்துல 26.
17வது (பாண்டியா) கிளாசன் அவுட், 4 ரன், 18 பந்துல 22.
18வது (பும்ரா) யான்சன் போல்ட், 2 ரன், 12 பந்துல 20.
19வது (அர்ஷ்தீப்) 4 ரன், 6 பந்துல 16.
20வது (பாண்டியா) மில்லர், ரபாடா அவுட், 8 ரன்.

போட்டதும் கூட்டிப் பாக்கணும்: 147ஓட 4, 4, 2, 4, 8 சேத்தா 169. ஸ்கோர்கார்டோட ஒத்துப்போகுது, அப்ப ஏணி சரி. கூட்டல் தட்டுச்சுன்னா ஏதோ ஒரு ஓவர மாத்திப் போட்டுட்டீங்க, எழுத ஆரம்பிக்காதீங்க.

இப்ப ஏணிய மேலருந்து கீழ பாருங்க, திருப்பம் எங்கன்னு தானா தெரியும். 30 பந்துல 30ங்கிறது ஓவருக்கு 6 ரன், கையில 6 விக்கெட், கிளாசன் நிக்கிறாரு. அந்த நேரத்துல தென்னாப்பிரிக்கா தோக்கும்னு யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. 17வது ஓவர் முடியும்போது ஓவருக்கு 7 சொச்சம், இன்னும் கைக்குள்ளதான் இருக்கு, ஆனா கிளாசன் இல்ல. 18வது முடிஞ்சதும் ஓவருக்கு 10. 19வது முடிஞ்சதும் ஒரே ஓவர்ல 16. அதாவது கை மாற ஆரம்பிச்ச எடம் கிளாசன் விக்கெட், சுருக்கு இறுகுன எடம் பும்ராவோட ரெண்டு ரன் ஓவர். சூர்யகுமார் கேட்ச் பிடிக்கும்போது மேட்ச் ஏற்கனவே இந்தியா பக்கம் சாஞ்சிருந்துச்சு. லாங் ஆஃப்ல பந்த பிடிச்சு, கோட்டுக்கு வெளிய போறதுக்குள்ள மேல தூக்கிப் போட்டு, திரும்ப உள்ள வந்து பிடிச்சாரே, அது கதவ சாத்துன கேட்ச். அது போயிருந்தா சிக்ஸ், 5 பந்துல 10னு வந்திருக்கும், அதனால அதோட மதிப்ப நான் கொறைச்சு சொல்லல. ஆனா திரும்புன எடம் வேற, முடிச்ச எடம் வேற, ரெண்டுக்கும் ஒரே சொல்ல போடக் கூடாது. நான் முதலாவதுக்கு "இங்கதான் மேட்ச் திரும்புச்சு"ன்னும் ரெண்டாவதுக்கு "அதோட முடிஞ்சுது"ன்னும் எழுதுவேன்.

இதுலயே ஒளிஞ்சிருக்கிற இன்னொரு தப்பு, எதிர்ப் பக்கத் திருப்பத்த விட்டுடறது. 30 பந்துல 30ங்கிற நிலை எப்படி வந்துச்சு? 15வது ஓவர்ல அக்சர் பந்துல 24 ரன் போச்சு, கிளாசன் வெளுத்தாரு. அந்த ஓவர் சுருக்கத்துல இல்லன்னா, பும்ரா 2 ரன் கொடுத்தது ஏன் பெரிய விஷயம்னு படிக்கிறவருக்கு புரியவே புரியாது. கிளாசன் 27 பந்துல 52 அடிச்சிருக்காருன்னு சொன்னாத்தான் அவரு விக்கெட்டுக்கு எடை வரும். விக்கெட்ட எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஆளு அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாருன்னு அரை வரியாவது வேணும்.

முதல் இன்னிங்ஸ்லயும் ஒரு திருப்பம் இருக்கு, பல பேரு அத தொடவே மாட்டாங்க. இந்தியா 34/3. ரோகித், பந்த், சூர்யகுமார் மூணு பேரும் அஞ்சு ஓவருக்குள்ள போயிட்டாங்க, அங்கருந்து கோலியும் அக்சரும் 72 ரன் சேத்தாங்க. 176ங்கிற எண் அங்கதான் சாத்தியமாச்சு. 100 வார்த்தைக்குள்ள சுருக்கணும்னாலும் இதுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கணும்னு நான் சொல்லுவேன்.

அறிகுறி: வீரர் பேரு சரி, எண் சரி, ஆனா அடைமொழி பொய் சொல்லுது

"அதிரடியா ஆடுன கோலி". மேட்ச பாத்தவங்க இத ஒத்துக்க மாட்டாங்க. முதல் ஓவர்லயே யான்சன மூணு பவுண்டரி அடிச்சாரு, ஆனா விக்கெட் விழுந்ததும் அப்படியே அடங்கி ஓடி ஓடி ரன் எடுத்தாரு. ஐம்பது வந்தது 48 பந்துல. அப்பறம் கடைசி 11 பந்துல 26. அதாவது பொறுமையா நங்கூரம் போட்டு நின்னுட்டு கடைசியில அடிச்ச இன்னிங்ஸ். 76 (59)னு மட்டும் பாத்தா இது தெரியாது. அடைமொழி போடணும்னு தோணுச்சுன்னா அவரு ஐம்பத எத்தன பந்துல தொட்டாருன்னு பாருங்க, அது கெடைக்கலன்னா அடைமொழியே வேணாம், எண்ண மட்டும் வச்சா போதும்.

அக்சர் விஷயம் இன்னும் கூர்மையானது. "47 ரன் எடுத்து அசத்துனாரு"ங்கிறது பொய்யில்ல, 31 பந்துல 47. ஆனா அதே அக்சர் 4 ஓவர்ல 49 கொடுத்தவரு, 24 ரன் போன ஓவரும் அவருதுதான், ஸ்டப்ஸ் விக்கெட் எடுத்ததும் அவருதான். சுருக்கத்துல எல்லாத்தையும் சொல்ல முடியாது, அதனால அவரு பேட்டிங் முதல் இன்னிங்ஸ் வரியில வரட்டும், 15வது ஓவரச் சொல்லும்போது "அக்சரோட ஓவர்ல"ன்னு பேரோட வரட்டும். ரெண்டு எடத்துலயும் பேரு வந்துட்டா தனியா தீர்ப்பு சொல்ல வேணாம்.

அறிகுறி: விருது ஆள் மாறிப்போச்சு

கோலி தொடர் நாயகன் இல்ல, ஆட்ட நாயகன். தொடர் நாயகன் பும்ரா. ஃபைனல் ரிப்போர்ட்ல ரெண்டு விருதும் பக்கத்துப் பக்கத்து வரியில வர்றதால இப்படி ஆகுது. ஃபைனலோட சுருக்கத்துல ஆட்ட நாயகன் கட்டாயம் வேணும், தொடர் நாயகன் இருந்தா நல்லது, ஆனா தனி வாக்கியத்துல. ஒரே வாக்கியத்துல ரெண்டு விருதயும் ரெண்டு பேரையும் போட்டா வெட்டும்போது நிச்சயமா ஒண்ணு ஒட்டிக்கும்.

இங்க ஒரு கேள்வி வரும், ஆட்ட நாயகன் கோலின்னா அவரத்தான முதல்ல எழுதணும், திருப்பம் எல்லாம் பவுலிங்ல இருக்கே? என் முடிவு, விருது ஒரு தகவல், வரிசைய அது தீர்மானிக்காது. கோலி முதல் இன்னிங்ஸ்ல வருவாரு, காலப்படி அவருதான் முன்னாடி, பவுலருங்க சேஸிங்ல வருவாங்க, விருது கடைசியில. இப்படி வச்சா யாருக்கும் இடம் கொறையாது. பும்ரா 18 ரன்னுக்கு 2, பாண்டியா 20க்கு 3, அர்ஷ்தீப் 20க்கு 2னு மூணு பேரு இருக்கும்போது விக்கெட் எண்ணிக்கைய மட்டும் பாத்து பாண்டியாவ மேல ஏத்தி பும்ராவ கீழ இறக்குறவங்க இருக்காங்க. பும்ரா 4 ஓவர் முழுசா போட்டு 18தான் கொடுத்தாரு, அதுல 16வதும் 18வதும் சேத்து 12 பந்துல வெறும் 6 ரன். ஏணிய போட்டுருந்தீங்கன்னா இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அறிகுறி: தோத்த டீம் ஆளு பேரு பெருசா வந்து, ஜெயிச்சது அவங்கன்னு தோணுது

இது ஃபுட்பால்ல அதிகம். 2022 டிசம்பர் 18 லுசைல் ஸ்டேடியத்துல நடந்த உலகக்கோப்பை ஃபைனல்ல எம்பாப்பே ஹாட்ரிக் அடிச்சாரு, பிரான்ஸ் தோத்துச்சு. சுருக்கம் "எம்பாப்பே ஹாட்ரிக்"னு ஆரம்பிச்சா பாதி பேரு பிரான்ஸ் ஜெயிச்சதுன்னே முடிவு பண்ணிடுவாங்க. அதே மேட்ச்ல ஸ்கோரும் சிக்கல், "அர்ஜென்டினா 4-2 வெற்றி"ன்னு எழுதுவாங்க. 4-2 பெனால்டி ஷூட் அவுட் கணக்கு. மேட்ச் ஸ்கோர் 3-3. 90 நிமிஷத்துல 2-2, எக்ஸ்ட்ரா டைம்ல 3-3, அப்பறம்தான் பெனால்டி. இந்த மூணு படியும் வரிசையா வரணும், மேட்ச் ஸ்கோரும் ஷூட் அவுட் ஸ்கோரும் ஒட்டவே கூடாது: "3-3, பெனால்டியில 4-2".

ஃபுட்பாலுக்கு ஏணி இன்னும் சுலபம், கோல் விழுந்த நிமிஷத்த எழுதுனா போதும். 23 மெஸ்ஸி, 36 டி மரியா, 80 எம்பாப்பே, 81 எம்பாப்பே, 108 மெஸ்ஸி, 118 எம்பாப்பே. பாத்தாலே தெரியுது, திருப்பம் 80க்கும் 81க்கும் நடுவுல. 36ல இருந்து 80 வரைக்கும் 2-0ன்னு ஓடிட்டிருந்த மேட்ச் அது.

இப்ப சரி பண்ண சுருக்கம்

கிரிக்கெட் ஃபைனலுக்கே திரும்ப வர்றேன். மேல சொன்னதெல்லாம் சேத்து எழுதுனா இப்படி வரும்:

"டி20 உலகக்கோப்பை ஃபைனல்ல இந்தியா தென்னாப்பிரிக்காவ 7 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சுது. இந்தியா 176/7, தென்னாப்பிரிக்கா 169/8. முதல்ல ஆடுன இந்தியா 34/3னு தடுமாறுச்சு, கோலியும் (59 பந்துல 76) அக்சரும் (31 பந்துல 47) 72 ரன் சேத்து நிமித்துனாங்க. சேஸிங்ல கிளாசன் 27 பந்துல 52 அடிச்சாரு, அக்சரோட 15வது ஓவர்ல 24 ரன் போக, 30 பந்துல 30தான் தேவைன்னு ஆச்சு. 17வது ஓவர் முதல் பந்துல பாண்டியா கிளாசன எடுத்தாரு, மேட்ச் அங்க திரும்புச்சு. அடுத்த ஓவர்ல பும்ரா 2 ரன் மட்டும் கொடுத்து யான்சன போல்டாக்குனாரு. கடைசி ஓவர்ல 16 தேவைப்பட்டப்ப முதல் பந்துலயே மில்லர் அடிச்சத சூர்யகுமார் பவுண்டரி கோட்டுல பிடிச்சாரு, அதோட முடிஞ்சுது. பாண்டியா 3/20, பும்ரா 2/18. ஆட்ட நாயகன் கோலி. மேட்ச் முடிஞ்சதும் அவரு டி20 சர்வதேசப் போட்டிகள்ல இருந்து ஓய்வ அறிவிச்சாரு."

இன்னும் சுருக்கணும்னா கீழருந்து வெட்டுங்க, ஆனா மேட்ச் திரும்புன வரிய தொடாதீங்க. முதல்ல ஓய்வு போகட்டும், அப்பறம் பவுலிங் எண்ணு, அப்பறம் 34/3. பாதியா கொறைக்கச் சொன்னா முதல் ரெண்டு வாக்கியமும், 30 பந்துல 30ங்கிறதும், கிளாசன் விக்கெட்டும், ஆட்ட நாயகனும் மிஞ்சணும்.

ஏணி போட முடியலன்னா

லோக்கல் டோர்னமென்ட், மாவட்ட லீக் மாதிரி மேட்சுக்கு ஓவர் ஓவரா கணக்கு கெடைக்காது, கையில இருக்கிறது ஒரே ஒரு ரிப்போர்ட்தான். அந்த ரிப்போர்ட்ல "முன்னதாக", "இதற்கிடையே", "அதன் பின்"னு வர்ற எடத்த எல்லாம் பேனாவால வட்டம் போட்டுக்கோங்க, வரிசை கெடைக்கிறது அதுலருந்துதான். அப்படியும் ரெண்டு விக்கெட்ல எது முன்னாடின்னு தெரியலன்னா எச்சத்துல கோக்காதீங்க, "-உம்" போட்டுடுங்க. "கிளாசன எடுத்து யான்சன போல்டாக்கி"ன்னு எழுதுனா வரிசைக்கு நீங்க பொறுப்பு. "கடைசி நாலு ஓவர்ல கிளாசனும் யான்சனும் அவுட்டானாங்க"ன்னு எழுதுனா தெரிஞ்சது மட்டும்தான் அதுல இருக்கு.